வசந்தாமணி கேட்ட ஊசி

என் மகள் வசந்தாமணிக்கு முப்பத்தொன்பது வயது நடக்கிறது. நாமக்கல்லிலிருந்து மோகனூர் போகிற வழியில் ஒரு முட்டைக்கோழிப் பண்ணையில் பதினாறு வருடமாக வேலை செய்கிறாள். தீவனம் அள்ளப் போனவள்தான். இப்போது குஞ்சு வந்து இறங்கியதிலிருந்து முட்டை போட ஆரம்பிக்கிற வரைக்கும் அந்த ஷெட் முழுக்க அவள் பொறுப்பு. தடுப்பூசி போடுவதில் அவளுக்கு இணையாக அங்கே ஆள் கிடையாது. ஒரு கையில் குஞ்சைப் பிடித்து மறு கையில் ஊசி போட்டு விடுவாள், குஞ்சு கத்தவும் நேரம் இருக்காது. முதலாளி ஊரில் இல்லாவிட்டாலும் பண்ணை நடக்கும். அவள் இரண்டு நாள் வராவிட்டால் நடக்காது. இதைப் பெற்றவள் பெருமைக்குச் சொல்லவில்லை, முதலாளியே சொன்னது.

அவள் வீட்டுக்காரர் மணியன் போர்வெல் லாரியில் வடக்கே போகிறவர். பத்து மாதம் அங்கே, இரண்டு மாதம் இங்கே. ஆகவே வீட்டில் வசந்தாமணியும் அவள் ஒரே பிள்ளையும் நானும்தான். பிள்ளைக்குப் பேர் வைத்தது தனப்பிரியா. அது நாலு வயதிலேயே அந்தப் பேர் எனக்கு வேண்டாம் என்றது. பாவாடை கட்டினால் அவிழ்த்துப் போட்டுவிட்டு டவுசரோடு ஓடும். ஆறு வயதில் தன்னைத் தர்ஷன் என்று கூப்பிடச் சொன்னது. இரண்டாம் வகுப்பில் ஒரு நாள் நோட்டில் அந்தப் பேரை எழுதி டீச்சரிடம் அடி வாங்கி வந்தது. அப்புறமும் மாற்றிக்கொள்ளவில்லை. வளர்ந்தால் சரியாகும் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். பதினொன்று தாண்டியும் அது அப்படியேதான் இருந்தது. நான் இங்கே பிள்ளை என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். அதில் யாருக்கும் கோபம் வராது.

என் மகன் குமரகுரு, வசந்தாமணிக்குத் தம்பி, நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறை வைத்திருக்கிறான். அவன் பெண் நிலாவுக்கும் எங்கள் பிள்ளைக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அந்த நிலாவுக்கு ஆறரை வயதிலேயே மார்பு கட்ட ஆரம்பித்துவிட்டது. என் மருமகள் மோனிஷா பயந்துபோய் சேலத்தில் குழந்தைகளுக்கு ஹார்மோன் பார்க்கிற டாக்டர் பிரீத்தியிடம் கூட்டிப்போனாள். ஸ்கேன், ரத்தம், கை எலும்புப் படம் எல்லாம் எடுத்தார்கள். உடம்பு வயதை மீறி ஓடுகிறது, இப்படியே விட்டால் எட்டு முடியும் முன்பே வயதுக்கு வந்துவிடும், எலும்பு சீக்கிரம் மூடி உயரமும் நின்றுவிடும் என்றார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி. நாலு வருடம் போட்டார்கள். பத்தரை வயதானதும் டாக்டர் போதும் என்று நிறுத்திவிட்டார். ஒரு வருடம் கழித்து நிலா மற்றப் பெண்களைப் போலவே வயதுக்கு வந்தாள்.

அதற்குக் குமரகுரு திரட்டுச் சீர் வைத்தான். மண்டபம், ஃபிளெக்ஸ், வாசலில் செண்டை மேளம். மோனிஷாவின் அண்ணன் தாய்மாமன் முறைக்குத் தட்டு வரிசை கொண்டுவந்து இறக்கினார். நிலாவுக்குப் பட்டுச் சேலை கட்டி மாலை போட்டு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் நலுங்கு வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். எங்கள் பிள்ளை சட்டைக்குள் இரண்டு பனியன் போட்டுக்கொண்டு தூணுக்குப் பின்னால் நின்றது. சொந்தக்காரப் பெண்கள் ஒவ்வொருத்தராக வந்து அதன் கன்னத்தைக் கிள்ளி, அடுத்தது நீதான் அம்மிணி என்றார்கள். குமரகுருவும் மைக்கில் சொன்னான், அக்கா மகளுக்கு இதைப்போல இரண்டு மடங்கு செய்வேன் என்று. எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

வீட்டுக்கு வந்த பிள்ளை இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலையில் வசந்தாமணி டிபன் கட்டிக்கொண்டிருக்கும்போது அடுப்படிக்கு வந்து நின்று கேட்டது.

"நிலாவுக்குப் போட்ட ஊசிய எனக்கும் போடும்மா. எனக்கு இது வேண்டாம்."

எது என்று அவள் கேட்கவில்லை. பிள்ளை அந்த இரண்டு பனியன்களை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றது. அந்தச் சேலையில் உட்கார வைத்தால் எங்கேயாவது போய்விடுவேன் என்றும் சொன்னது. வசந்தாமணி டிபனை மூடிவிட்டு அன்றைக்கு லீவு சொன்னாள். பதினாறு வருடத்தில் அவள் போன் செய்து லீவு சொன்னதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அவள் மனதில் என்ன ஓடியது என்பதைப் பிற்பாடு அவளே சொன்னாள். பண்ணையில் வளரும் கோழிக்கு ஒரு கணக்கு இருக்கிறது. பதினேழு பதினெட்டு வாரம் ஆகிற வரைக்கும் ஷெட்டில் சூரிய வெளிச்சம்தான், கூடுதலாக லைட் போடக்கூடாது. வெளிச்சம் கூடினால் கோழியின் உடம்பு அவசரப்படும். உடம்பு தேறும் முன்னால் முட்டையிட ஆரம்பித்தால் முட்டையும் சிறுத்துவிடும், முட்டைப் பை வெளியே தள்ளிக் கோழியும் செத்துப்போகும். ஆகவே வாராவாரம் எடை பார்த்து, உடம்பு தேறியதும் கொஞ்சம் கொஞ்சமாக லைட்டைக் கூட்டுவார்கள். நிறுத்தி வைப்பது, பிறகு விடுவது. அதில் ஒரு கெடுதலும் இல்லை. நிலாவின் ஊசியும் இதே கணக்குத்தான் என்று அவள் முடிவு செய்துவிட்டாள். லைட்டை அணைத்து வைத்தால் பிள்ளைக்கும் யோசிக்க நேரம் கிடைக்கும், பெரியவர்களுக்கும் கிடைக்கும், சீரும் தள்ளிப்போகும்.

மோனிஷா வீட்டு ஃபிரிட்ஜில் ஒரு ஊசி மருந்து மீதி இருந்தது. டாக்டர் நிறுத்தச் சொல்வதற்கு முன்பே அடுத்த தவணைக்கு வாங்கி வைத்தது. வசந்தாமணி போய் கேட்டாள். எதற்கு என்று மோனிஷா கேட்க, பண்ணை டாக்டர் ஒருவர் பார்க்க வேண்டும் என்றாராம் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி வாங்கி வந்துவிட்டாள். அதைக் கோழித் தடுப்பூசி கொண்டுவருகிற ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்து வந்தாள்.

பிறகு பிள்ளையைப் பண்ணைக்குக் கூட்டிப்போய்த் தீவன மூட்டை நிறுக்கிற தராசில் ஏற்றி எடை பார்த்திருக்கிறாள். முப்பத்தாறு கிலோ. நிலாவுக்குக் கடைசி ஊசி போட்டபோது எவ்வளவு எடை என்று மோனிஷாவிடம் போனில் கேட்டாள். இரண்டும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் வந்தது. அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை போட்டுவிடலாம் என்று வைத்திருந்தாள்.

ஃபிரிட்ஜில் தயிருக்குப் பின்னால் அந்த மருந்துப் பெட்டி இருந்ததை நான் சனிக்கிழமை பார்த்தேன். பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அதே பெட்டியை நாலு வருடம் மோனிஷா கையில் பார்த்திருக்கிறேன். வசந்தாமணி வேலை முடித்து வந்ததும் மேசைமேல் எடுத்து வைத்துக் கேட்டேன். அவள் மறைக்கவில்லை.

"லட்சம் கோழிக்குப் போட்ட கைம்மா இது," என்றாள்.

"கோழி செத்தா முதலாளி கணக்கெழுதிட்டுப் போயிருவாரு. இது என்ற பேத்தி. டாக்டரக் கேக்காம நீ ஊசியத் தொட்டீன்னா நான் வாசல்ல உக்காந்து ஊரையே கூட்டிருவேன். சொல்லிப்புட்டேன்."

பேத்தி என்று சொன்னதற்குப் பிள்ளை உள்ளறையிலிருந்து என்னை எட்டிப் பார்த்தது. நான் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. வசந்தாமணி பெட்டியை மறுபடி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, சரி, கேட்டுவிட்டே போடுகிறேன் என்றாள். கேட்பது என்றால் டாக்டர் அளவு சொல்லுவார், தான் போட்டுக்கொள்ளலாம் என்பது அவள் எண்ணம். அந்த ஞாயிறு போயிற்று. வியாழக்கிழமை சேலத்துக்குப் பஸ் ஏறினோம். ஐஸ் பெட்டி அவள் மடியில் இருந்தது.

ஐந்து ரோட்டுப் பக்கம் டாக்டர் பிரீத்தியின் ஆஸ்பத்திரி. கூட்டம் இருந்தது. குட்டையாக இருக்கிற பிள்ளைகள், சர்க்கரை வந்த பிள்ளைகள், அவர்களைப் பெற்றவர்கள். எங்கள் முறை வந்ததும் வசந்தாமணி நாற்காலியில் உட்காரும் முன்பே மருந்துப் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டாள்.

"மருந்து எங்ககிட்டயே இருக்குதுங்க டாக்டர். அளவு மட்டும் சொல்லிட்டீங்கன்னா நானே போட்டுக்குவேன். ஊசி போட எனக்குத் தெரியுமுங்க."

டாக்டர் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். கோபப்படவில்லை. நர்ஸைக் கூப்பிட்டு அதை உள்ளே கொண்டுபோகச் சொன்னார். அது திரும்பி எங்கள் கைக்கு வரவில்லை. பிறகு எங்கள் இரண்டு பேரையும் வெளியே உட்காரச் சொல்லிவிட்டுப் பிள்ளையிடம் தனியாகப் பேசினார். வெளியே இருந்த நேரம் முழுக்க வசந்தாமணி நாற்காலியின் நுனியிலேயே உட்கார்ந்திருந்தாள். அரை மணி கழித்துத்தான் கூப்பிட்டார்கள். உள்ளே போனபோது பிள்ளையின் முகம் அழுது முடித்த முகமாக இருந்தது, ஆனால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது.

டாக்டர் ஒரு காகிதத்தில் தலையும் வயிறும் வரைந்து காட்டினார். மூளைக்கு அடியில் ஒரு சின்னச் சுரப்பி இருக்கிறதாம். அதுதான் வயிற்றில் இருக்கிற சூலகத்துக்கு ஆரம்பி என்று சொல்லி அனுப்புவது. இந்த ஊசி அந்தச் சேதியை அடக்கி வைக்கிறது. மருந்து உடம்பில் இருக்கிற வரைக்கும் மார்பு மேலே வளராது, மாதவிலக்கு வராது. நிறுத்திவிட்டால் சில மாதத்தில் சேதி மறுபடி போகும், உடம்பு விட்ட இடத்திலிருந்து தொடங்கும். இவ்வளவுதான் இதன் வேலை.

"ஊசி போட்டா எனக்கு மீசை வருமா?" என்று பிள்ளை கேட்டது. வழி முழுக்க அது கேட்க நினைத்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

"வராது சாமி. குரலும் உடையாது. இது யாரையும் பையனாவும் மாத்தாது, பொண்ணாவும் மாத்தாது. நிறுத்தி மட்டும்தான் வைக்கும். ஏற்கெனவே வளந்தது திரும்பிப் போகாது."

பிள்ளை தலையைக் குனிந்துகொண்டது. என் மனதில் இருந்ததை நானும் கேட்டுவிட்டேன். இந்த ஊசியைப் போட்டால் பிள்ளையின் நினைப்பாவது மாறுமா என்றேன்.

"மாறாதுங்க பாட்டி. இது நினைப்புக்கான மருந்து இல்ல. நினைப்ப மாத்தறதுக்குன்னு வேற மருந்தும் இல்ல. அப்படி யாராச்சும் தர்றேன்னு சொன்னா, மந்திரிக்கிறேன்னு சொன்னா, அடிச்சுத் திருத்தறேன்னு சொன்னா அங்க கூட்டிட்டுப் போகாதீங்க. புள்ள கெட்டுப்போகும்."

வசந்தாமணி விடவில்லை. நிலாவுக்கு நாலு வருடம் போட்டதுதானே, அவளுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்றாள். கோழியின் லைட் கணக்கையும் அவரிடம் விவரமாகச் சொன்னாள். நான் அவள் கையை அழுத்தினேன், நிறுத்தவில்லை. டாக்டர் இடையில் பேசாமல் கேட்டார். நாமக்கல்காரர்களுக்கு யாரும் கோழியைப் பற்றிப் பாடம் நடத்த முடியாது என்பது அவருக்கும் தெரிந்திருக்கும்.

"உங்க கோழிய எத்தனை வாரம் நிறுத்தி வைக்கலாம்னு எப்படித் தெரிஞ்சுதுங்க?" என்று கேட்டார்.

வருஷக்கணக்காக, கோடிக்கணக்கான கோழியில் பார்த்தது என்றாள் வசந்தாமணி. வாரம் ஒரு முறை எடை எடுத்து எழுதி வைத்த கணக்கு என்றாள்.

"நிலா மாதிரிப் புள்ளைங்களுக்கு எங்ககிட்டயும் அப்படி ஒரு கணக்கு இருக்கு. ரொம்ப வருஷமாப் பாத்தது. அவளுக்கு முந்தி ஓடினத நிறுத்தி, கூடப் படிக்கிற புள்ளைங்களோட சேத்து விட்டோம். இந்தப் புள்ளைக்கு அப்படி இல்ல. சரியான வயசுல வர்றத நிறுத்தி, மத்தவங்களுக்குப் பின்னாடி இருக்க வைக்கணும். அந்தக் கணக்கு இன்னும் எங்க கையில முழுசா வரல."

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். எலும்பில் சத்து ஏறுகிறது பெரும்பாலும் இந்த வயதில்தான். அந்தச் சத்தை ஏற்றுகிற ஹார்மோனையே அடக்கி வைத்தால் மற்றப் பிள்ளைகளுக்கு ஏறுகிற அளவு ஏறாது, நிறுத்திய பிறகு எல்லாருக்கும் முழுதாக ஈடுகட்டுகிறதா என்பது நிச்சயமில்லை. இந்த வயதில் மூளையும் வளர்கிறது, அதற்கு என்ன ஆகும் என்று நீண்ட காலம் பார்த்தவர்கள் குறைவு. ஊசி போட்ட சில பிள்ளைகளின் மனசு லேசானது என்று சில ஆராய்ச்சி சொல்கிறது, பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்று சில சொல்கிறது. ஊசியில் ஆரம்பித்தவர்களில் பெரும்பாலோர் பிற்பாடு ஆண் ஹார்மோனுக்கும் போயிருக்கிறார்கள். அவர்கள் உள்ளபடியே அப்படிப்பட்டவர்கள் என்பதாலா, நிறுத்தி வைத்ததே அந்தப் பக்கம் தள்ளியதா என்று டாக்டர்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை. இரண்டையும் இந்த வயதில் அடுத்தடுத்துப் போட்டால் பிற்காலத்தில் குழந்தை பெறுவது பாதிக்கப்படலாம். பதினொரு வயதுப் பிள்ளையிடம் உனக்கு நாளைக்குக் குழந்தை வேண்டுமா என்று கேட்டால் அது என்ன பதில் சொல்லும்? சில நாடுகளில் இதனால் கொடுப்பதைக் குறைத்துவிட்டார்கள், சில நாடுகளில் கொடுக்கிறார்கள். கொடுக்காமல் விடுவதும் சும்மா இருப்பதாகாது, பிள்ளை படுகிற வேதனையும் கணக்கில் வரும் என்றும் சொன்னார். ஆகவேதான் அவசரப்பட மாட்டேன், அதற்காகத் துரத்தியும் விட மாட்டேன் என்றார்.

கடைசியாக ஒன்று சொன்னார். அதைக் கேட்டதும் வசந்தாமணியின் முகம் வெளுத்துவிட்டது. இந்த ஊசி முதலில் போட்டதும் அடக்குவதில்லை. முதல் இரண்டு மூன்று வாரம் சேதியைக் கிளப்பிவிட்டுப் பிறகுதான் அடக்கும். எங்கள் பிள்ளை பாதி தூரம் வந்துவிட்ட பிள்ளை.

"ஞாயித்துக்கிழமை நீங்க போட்டிருந்தீங்கன்னா, அடங்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ உதிரம் பட்டிருக்கலாம். நீங்க எதுக்குப் பயந்து போடப் பாத்தீங்களோ அதையே நீங்களே கொண்டுவந்திருப்பீங்க."

பிள்ளை வசந்தாமணியின் முகத்தைப் பார்த்தது. அம்மா தனக்காகச் செய்யப் பார்த்தது என்ன என்பது அதற்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும்.

டாக்டர் ஒரு பெரிய காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். ரத்தப் பரிசோதனை, கை எலும்புப் படம், எலும்பு அடர்த்தி ஸ்கேன். பிள்ளைகளின் மனசு பார்க்கிற டாக்டர் சந்தோஷ்குமாரிடம் மாதம் இரண்டு முறை. ஒரு முறை பார்த்துச் சீட்டு எழுதுகிற காரியம் இல்லை, ஆறு மாதமாவது பழகிப் பார்க்க வேண்டும் என்றார். தாயும் தகப்பனும் இரண்டு பேரும் வந்து புரிந்துகொண்டு சம்மதிக்க வேண்டும், பிள்ளையும் தன் வாயால் சொல்ல வேண்டும். மாதவிலக்கு மட்டும்தான் பெரிய தொல்லை என்றால் அதைத் தள்ளிப்போட வேறு மாத்திரையும் இருக்கிறது, அதையும் பரிசோதித்துத்தான் என்றார்.

எழுந்து வரும்போது வசந்தாமணி வாசலில் நின்று, எங்கள் பக்கம் திரட்டுச் சீர் என்று ஒன்று இருக்கிறது, பிள்ளைக்கு அதுதான் பெரிய பயம் என்றாள். டாக்டர் சிரித்தார். நானும் ராசிபுரத்துக்காரிதான் என்றார்.

"அதுக்கு என்கிட்ட மருந்து இல்லீங்க. அத நிறுத்தறதுக்கு ஊசியும் தேவையில்ல. அது உங்க கையிலதான் இருக்கு."

அது எனக்குப் பிடிக்கவில்லை. சீர் என்பது டாக்டர் சொல்லி நிறுத்துகிற சமாச்சாரமா என்று பஸ்ஸில் வரும்போது கேட்டேன். வசந்தாமணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிள்ளை என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டது.

மணியன் வடக்கே இருந்து வந்தார். அவரிடம் அவள் டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் கத்துவார் என்று நினைத்தோம். கத்தவில்லை. மூன்றாம் நாள் சந்தோஷ்குமாரிடம் தானும் வந்தார். அந்த டாக்டர் அவரிடம் பிள்ளையை எப்போதிலிருந்து இப்படிப் பார்க்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். நான் வருடத்தில் இரண்டு மாதம்தான் பார்க்கிறேனுங்க என்று சொன்னாராம். ஊசிக்குச் சம்மதமா என்றால் எனக்கு மனசு வரவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை என்று சொல்லிவிட்டு லாரிக்குப் போனார்.

ஐந்து மாதம் போனோம் வந்தோம். சந்தோஷ்குமார் பிள்ளையிடம் நீ ஆணா பெண்ணா என்று கேட்பதே இல்லையாம். பள்ளிக்கூடத்தில் என்ன, தூக்கம் எப்படி, யாரோடு விளையாடுகிறாய், எது வந்தால் பயம் என்று கேட்பாராம். பிள்ளை அங்கே போகிற நாளில் காலையிலேயே குளித்துத் தயாராக இருக்கும். தர்ஷன் என்று பேர் சொல்லிக் கூப்பிட்டதாக முதல் நாள் வந்து சொன்னது. மற்றதை எங்களிடம் சொல்லாது. எலும்பு ஸ்கேனில் அடர்த்தி கொஞ்சம் குறைவு என்று வந்தது. ரத்தத்தில் வைட்டமின் டி குறைவு. வெயிலிலேயே கிடக்கிற ஊரில் அதற்கும் மருந்து எழுதினார்கள்.

கார்த்திகையில் ஒரு செவ்வாய்க்கிழமை பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து சீக்கிரம் வந்தது. பையை வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. நான் கதவைத் தட்டி, என்ன அம்மிணி என்றேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, என்ன சாமி என்றேன். அப்போதுதான் அழுகைச் சத்தம் கேட்டது. பண்ணைக்கு ஆள் விட்டேன். வசந்தாமணி கை கழுவிய ஈரத்தோடு வந்தாள். கதவுக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினாள். என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை, அடுப்படியில் இருந்தேன்.

எங்கள் பக்கம் பிள்ளை வயதுக்கு வந்தால் முதலில் தாய்மாமனுக்குச் சொல்ல வேண்டும். அவன் பச்சை ஓலை வெட்டிக்கொண்டு வந்து குடிசை கட்டினால்தான் மற்றது தொடங்கும். நான் குமரகுருவுக்குப் போன் போடச் சொன்னேன். வசந்தாமணி போனில் சொல்லவில்லை. மறுநாள் காலை என்னையும் கூட்டிக்கொண்டு நேராகப் பட்டறைக்குப் போனாள். அவன் லாரி பாடிக்கு அடியில் வெல்டிங் பார்த்துக்கொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டதும் கையைத் துடைத்துக்கொண்டு சந்தோஷமாக எழுந்தான். மண்டபத்துக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன் என்றான்.

"மண்டபம் வேண்டாம். ஓலையும் வேண்டாம். ஒண்ணும் செய்யறதில்ல," என்றாள்.

குமரகுருவுக்குப் புரியவில்லை. ஐந்து மாதமாக டாக்டரிடம் போவது அவனுக்குத் தெரியும், ஆனால் ஏதோ சத்துக் குறைவு என்று நினைத்திருந்தான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஊசியைத் தானே போடப் பார்த்ததையும் சொன்னாள். மோனிஷாவிடம் பொய் சொல்லி வாங்கினீர்களா என்று அதற்கு அவன் ஒரு முறை கத்தினான். பிறகு சீருக்கு வந்தான்.

"மைக்குல சொன்னவன் நான். செய்யலீன்னா என்னைய என்னன்னு பேசுவாங்க? வசதி இல்லாம ஒதுங்கிட்டான்னு சொல்லமாட்டாங்களா? என்ன பண்ணீட்டு இருக்கறீங்க அக்கா நீங்க?"

"சொல்லட்டும்."

"அப்ப நான் மாமன் இல்லியா?"

"மாமன்தான். என்ற புள்ளைக்கு நீ ஒரே மாமன். நாளைக்கு வியாழக்கிழமை, சேலம் போகோணும். புள்ள பஸ்ஸுல வரமாட்டேங்குது. காரெடுத்துட்டு வா."

அவன் என்னைப் பார்த்தான். நான் அவன் பக்கம் பேசுவேன் என்று நினைத்தான். எனக்கும் சீர் நடக்க வேண்டும் என்றுதான் ஆசை. ஆனால் நேற்று அந்தக் கதவுக்குப் பின்னால் அழுத சத்தம் என் காதில் இருந்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவன் கார் கொண்டுவந்தான், முக்கால் மணி நேரம் தாமதமாக. ஆஸ்பத்திரிக்குள்ளும் வரவில்லை, காரிலேயே உட்கார்ந்திருந்தான்.

டாக்டர் பிரீத்தி எல்லாக் காகிதத்தையும் பார்த்தார், சந்தோஷ்குமாரின் குறிப்பையும் பார்த்தார். பிள்ளை தான் யார் என்று சொல்வதில் மாறவில்லை என்று அதில் இருந்ததாம். பயமும் தூக்கமின்மையும் முன்பைவிடக் குறைந்திருக்கின்றன, இன்னும் பார்க்க வேண்டும் என்றும் இருந்ததாம். வசந்தாமணி கேட்டாள்.

"அப்ப ஊசி இல்லீங்களா?"

"இல்லைன்னு சொல்லல. இப்ப இல்லைன்னு சொல்றேன். மாதவிலக்கு வந்த பிறகு ஊசி போட்டு நிறுத்த வேண்டிய வளர்ச்சி கொஞ்சம்தான் மீதி இருக்கு. எலும்பும் குறைவா இருக்கு. கிடைக்கறது கம்மி, போறது ஜாஸ்தி ஆயிரும். மாசாமாசம் வர்றத நிறுத்த மாத்திரை பாக்கலாம். மூணு மாசம் கழிச்சு மறுபடி உக்காந்து பேசுவோம்."

பிறகு பிள்ளையைப் பார்த்து, உனக்குக் கோபமாக இருக்கிறதா தர்ஷன் என்று கேட்டார். ஆமாம் என்றது. அது சரிதான் என்றார் டாக்டர். கோபமாக இருந்தாலும் வருவாயா என்றார். யோசித்துவிட்டு, வருவேன் என்றது.

திரும்பும்போது பிள்ளை பின் சீட்டில் முகத்தை மறைத்துக்கொண்டு அழுதது. அதன் உடம்பு அது கேட்டபடி நிற்கவில்லை. அதை யாரும் மறைத்துச் சொல்லவில்லை. ராசிபுரம் தாண்டிய பிறகு குமரகுரு வண்டியை ஓட்டிக்கொண்டே முதல் முறையாக வாய் திறந்தான். சொந்தக்காரர்கள் கேட்டால் என்ன சொல்வது என்று அக்காளைக் கேட்டான்.

"டாக்டர்கிட்டப் பாத்துட்டு இருக்கறோம்னு சொல்லு. அதுதான் நெசம்."

"சீரப் பத்திக் கேட்டா?"

"புள்ளைக்குப் புடிக்கல, செய்யலீன்னு சொல்லு."

அவன் தலையாட்டினானா இல்லையா என்று பின்னாலிருந்து எனக்குத் தெரியவில்லை. பிள்ளை அழுகையை நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது.

என் மகன் வீட்டில் ஒரு பேத்திக்கு நடந்தது, மகள் வீட்டில் நடக்கவில்லை. அந்தக் குறை எனக்கு இன்னும் போகவில்லை, போகப்போவதும் இல்லை. வசந்தாமணியிடம் அதை முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். இருக்கட்டும்மா என்றாள். மறுநாள் விடிந்ததும் பிள்ளைக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையைக் கொடுத்து, பள்ளிக்கூட வண்டி ஏற்றிவிட்டு, பண்ணைக்குப் போய்விட்டாள். அன்றைக்குப் புதுக் குஞ்சு வந்து இறங்குகிற நாள்.